இங்கிலாந்து போகும் சக நர்ஸுக்கு வாழ்த்து: வருத்தத்தை எவ்வளவு சொல்லலாம்?

வைகைக்கரை | மார்ச் 9, இரவு 11.40

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூவில் நர்ஸாக இருக்கிறேன். ஆபரேஷன் முடிந்து வருபவர்களைப் பார்க்கும் வார்டு. என்னோடு ஆறு வருடமாக இரவு ஷிப்டில் இருக்கும் தங்கச்சி இங்கிலாந்துக்கு வேலைக்குப் போகிறாள். விசா வந்துவிட்டது, ஏப்ரல் 11 விமானம். ஏப்ரல் 4 அன்று வார்டில் விழா வைத்திருக்கிறோம். அட்டையில் எழுதும் பொறுப்பும் இரண்டு நிமிடம் பேசும் பொறுப்பும் என்னிடம் வந்திருக்கின்றன.

நான் எழுதியது இது:

"அன்புத் தங்கைக்கு, உன் கனவு நனவானதில் எங்களுக்குப் பெருமகிழ்ச்சி. நீ இல்லாத வார்டு வெறிச்சோடிப் போகும். அங்கே போய்க் கலக்கு. எங்களை மறந்துவிடாதே. சீக்கிரம் திரும்பி வா."

படித்துப் பார்த்தால் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் போல இருக்கிறது. அவள் போவதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். நாலு வருடம் டியூட்டி முடிந்து வந்து தூங்காமல் படித்தவள். அதே அளவுக்கு வருத்தமும் இருக்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும் ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்காத டியூட்டி கிடையாது. இந்த வருடம் அவள் இல்லை. இதையெல்லாம் எழுதினால் போகிறவளை அழ வைத்து அனுப்புவதாகிவிடுமா?

புது ஸ்டாஃப் | மார்ச் 10, காலை 6.15

அக்கா, அவர்கள் எந்த ஏஜென்சி வழியாகப் போகிறார்கள்? ஓஇடி ஆங்கிலத் தேர்வை எத்தனை தடவை எழுதினார்கள்? நான் ரைட்டிங்கில் 280 வாங்கி நிற்கிறேன்.

வைகைக்கரை | மார்ச் 10, காலை 8.50

தம்பி, நான் கேட்டது வாழ்த்து எப்படி எழுதுவது என்று. ஆனாலும் சொல்கிறேன். மூன்றாவது தடவையில் கிடைத்தது. ரைட்டிங்குக்கு 300 போதும், மற்ற மூன்றுக்கும் 350 வேண்டும். உனக்கு இன்னும் 20 தான். ஏஜென்சி பற்றித் தனி இழை திற.

தமிழ் வாத்தியார் | மார்ச் 10, காலை 10.05

முதலில் ஒரு சொல் திருத்தம். பேனரில் "பிரியாவிடை" என்று போட்டுவிடாதீர்கள். அது பிரியம் என்பதிலிருந்து வந்தது, காதலர்களுக்கு உரியது. "வழியனுப்பு விழா" என்பதே சரி. அட்டைக்கு ஒரு குறளைப் பரிந்துரைக்கிறேன்: "செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின் வல்வரவு வாழ்வார்க் குரை." போகவில்லை என்றால் என்னிடம் சொல், சீக்கிரம் வருவேன் என்பதை அதுவரை உயிரோடு இருப்பவர்களிடம் சொல் என்று பொருள். பிரிவின் ஆற்றாமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ரயிலடி | மார்ச் 10, மதியம் 1.30

ஐயா, அந்தக் குறள் காமத்துப்பாலில் பிரிவாற்றாமை அதிகாரத்தில் வருகிறது. பிரியப்போகும் கணவனிடம் மனைவி சொல்வது. சக நர்ஸுக்கான அட்டையில் அதைப் போட்டால் வார்டில் வருடக்கணக்கில் பேசிச் சிரிப்பார்கள்.

பிரியாவிடையில் "பிரியா" என்பது பிரியாத என்ற பொருளில் வருவது என்றுதான் நான் படித்தேன். பிரிய மனமில்லாமல் கொடுக்கும் விடை.

தமிழ் வாத்தியார் | மார்ச் 10, மாலை 5.20

குறள் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன், ஏற்கிறேன். அதற்குப் பதில் 394: "உவப்பத் தலைக்கூடி உள்ளப் பிரிதல் அனைத்தே புலவர் தொழில்." சேரும்போது மகிழும்படி சேர்ந்து, பிரியும்போது இனி எப்போது பார்ப்போம் என்று நினைக்கும்படி பிரிவது. இது கல்வி அதிகாரத்தில் இருக்கிறது, படித்தவர்களைப் பற்றிச் சொன்னது. ஆனால் ஒரே வேலையைச் சேர்ந்து கற்றவர்களுக்கும் பொருந்தும் என்பது என் கருத்து. பிரியாவிடை பற்றி நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

லெஸ்டர் சிஸ்டர் | மார்ச் 11, அதிகாலை 3.10

நான் எட்டு வருடத்துக்கு முன்னால் திருச்சியிலிருந்து இங்கே வந்தவள். எனக்குக் கொடுத்த அட்டை இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதனால் வாங்கிக்கொண்டவள் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

உங்கள் அட்டையில் இரண்டு வரி எனக்கும் எழுதியிருந்தார்கள். ஒன்று "கலக்கு". அங்கே ஐசியூவில் வென்டிலேட்டரைப் பார்த்துக்கொண்டவளுக்கு இங்கே வந்த முதல் நாளில் ஒரு மாத்திரையைக்கூடத் தானாகக் கொடுக்க அனுமதி இல்லை. ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு முடிந்து பதிவு எண் வரும்வரை நாம் இங்கே நர்ஸ் கிடையாது. சீருடை வேறு, சம்பளப் படி குறைவு. குளிப்பாட்டி, படுக்கை மாற்றி, சாப்பாடு கொடுத்தேன். அந்த வேலையில் கேவலம் எதுவும் இல்லை. ஆனால் பத்து வருட அனுபவத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்தது போல இருக்கும். சேர்ந்த 12 வாரத்துக்குள் முதல் தேர்வை எழுதியாக வேண்டும். எனக்கு முதல் தடவை அதில் இரண்டு பகுதியில் போய்விட்டது. அன்று இரவு அந்த அட்டையை எடுத்துப் படித்தேன். "கலக்கு" என்ற வரியைப் பார்த்ததும் திருச்சியில் அத்தனை பேருக்கும் பதில் சொல்ல வேண்டுமே என்றுதான் தோன்றியது. மூன்று வாரம் வீட்டுக்குக்கூட போன் பண்ணவில்லை.

இன்னொன்று "சீக்கிரம் திரும்பி வா". அன்பில்தான் எழுதினார்கள். ஆனால் கடன் வாங்கி வந்தவளுக்கு, குடும்பத்தை எப்போது கூட்டி வரலாம் என்று நாள் எண்ணுகிறவளுக்கு, அதை எந்தப் பக்கம் எடுத்துக்கொள்வது என்று தெரியாது.

எனக்கு உதவிய வரி எங்கள் வார்டு ஆயாம்மா சொல்லச் சொல்லி வேறொருவர் எழுதியது: "பெட்பேன் எடுக்க என்னைக் கூப்பிடாமல் நீயே எடுத்த ஒரே சிஸ்டர் நீதான்." தேர்வில் விழுந்த ராத்திரியில் அந்த வரிதான் என்னைத் தூங்க வைத்தது. அவள் என்னிடம் பார்த்த குணம் இங்கே வந்த பிறகும் என்னிடம் அப்படியே இருந்தது.

வைகைக்கரை | மார்ச் 11, காலை 9.30

டியூட்டி முடிந்து பஸ்ஸில் இதைப் படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். "கலக்கு" போய்விட்டது. "சீக்கிரம் திரும்பி வா"வும் போய்விட்டது.

பட்டறைக்காரன் | மார்ச் 11, இரவு 9.45

எனக்கு வாழ்த்தெல்லாம் யாரும் எழுதவில்லை. கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் இருந்து சார்ஜாவுக்குக் கிளம்பினேன். கடைசி நாள் மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை, டீகூட வாங்கித் தரவில்லை. சாயங்காலம் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவருடைய மைக்ரோமீட்டரைத் துணியில் சுற்றி என் பையில் போட்டார். பதினைந்து வருடம் அவர் யாரையும் தொட விடாத கருவி. "அங்க இருக்குறத நம்பாத, இத வச்சுப் பாரு" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு பேச்சுக்கு நான் ரயிலில் ஈரோடு வரும்வரை அழுதேன்.

பேச்சு வரவில்லை என்றால் பொருள் கொடுங்கள்.

வைகைக்கரை | மார்ச் 12, காலை 9.10

பொருளும் வாங்குகிறோம். எல்லோரும் சேர்ந்து நல்ல கைக்கடிகாரம் ஒன்று பார்த்திருக்கிறோம்.

லெஸ்டர் சிஸ்டர் | மார்ச் 12, மாலை 6.00

கைக்கடிகாரம் வேண்டாம். இங்கே நோயாளியைத் தொடும் வேலையில் முழங்கைக்குக் கீழே ஒன்றும் போடக்கூடாது. வளையல், கடிகாரம், கல் வைத்த மோதிரம் எதுவும் கூடாது. கிருமி பரவும் என்பதற்காக. சட்டையில் குத்திக்கொள்ளும் கடிகாரம் இருக்கிறது, ஃபாப் வாட்ச் என்பார்கள். தலைகீழாகத் தொங்கும், குனிந்து பார்த்தால் நமக்கு நேராகத் தெரியும். நாடி எண்ண விநாடி முள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆஸ்கி தேர்வுக்கும் அதைக் குத்திக்கொண்டு போகலாம்.

வெள்ளிக் குத்துவிளக்கு, கண்ணாடிச் சட்டம் போட்ட குரூப் போட்டோ இதெல்லாம் கொடுத்தால் பெட்டியில் எடை போய்விடும். எனக்குக் கொடுத்த குத்துவிளக்கு இன்றும் திருச்சியில் அம்மா வீட்டில்தான் இருக்கிறது.

வைகைக்கரை | மார்ச் 15, அதிகாலை 4.30

இங்கே எழுதாமல் விட்ட ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வாழ்த்து சரியாக வராது.

அவள் ஒன்றரை வருடமாக என்னிடம் சொல்லவில்லை. ஓஇடி எழுதியது தெரியும். அதற்கப்புறம் கணினித் தேர்வு, நேர்காணல், ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் வந்தது எதையும் சொல்லவில்லை. விசா கையில் வந்த அன்று எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தாள். அந்த எல்லோரில் நானும் ஒருத்தி. ராத்திரி இரண்டு மணிக்குப் பிளாஸ்க் டீயைப் பங்கு போட்டுக் குடித்தவள் இப்படிச் செய்தாளே என்று நெஞ்சில் கிடக்கிறது. "எங்களை மறந்துவிடாதே" என்று நான் எழுதியது வாழ்த்து இல்லை, இந்தக் கோபம்தான் என்று இப்போது புரிகிறது.

லெஸ்டர் சிஸ்டர் | மார்ச் 15, காலை 11.20

நானும் சொல்லவில்லை. உயிர்த்தோழிக்குக்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் நின்றுவிடலாம். ஆங்கிலத் தேர்வில், சான்றிதழ் சரிபார்ப்பில், நேர்காணலில், காசநோய்ப் பரிசோதனையில். நின்றுவிட்டால் "என்னாச்சு, போகலையா" என்று தினமும் பத்துப் பேர் கேட்பார்கள். கண்ணு படும் என்று அம்மா வேறு பயமுறுத்துவார். அப்புறம், விஷயம் வெளியே தெரிந்தால் அனுபவச் சான்றிதழைத் தராமல் இழுத்தடிக்கும் நிர்வாகங்கள் இருக்கின்றன. எனக்கு அப்படித்தான் ஆனது, மூன்று மாதம் அலைந்தேன். உங்களிடம் சொன்னால் மேலே கேட்கும்போது நீங்கள் பொய் சொல்ல வேண்டி வரும். ஒருவேளை அதையும் யோசித்திருப்பாள்.

ரயிலடி | மார்ச் 15, இரவு 8.15

அவருக்குக் குழந்தை இருக்கிறதா?

வைகைக்கரை | மார்ச் 15, இரவு 8.40

நாலு வயதுப் பெண். இப்போதைக்குப் பாட்டியிடம். வீட்டுக்காரரும் குழந்தையும் பிறகு போவதாக ஏற்பாடு. விழாவுக்குக் குழந்தையும் வருகிறாள்.

ரயிலடி | மார்ச் 15, இரவு 10.30

அதனால்தான் கேட்டேன். எனக்கு ஆறு வயதில் அம்மா குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனார். வழியனுப்ப வந்த பெரியம்மா எல்லோர் முன்னாலும் "இந்தப் பச்சப்புள்ளய விட்டுட்டுப் போக உனக்கு எப்படி மனசு வந்துச்சு" என்று கட்டிக்கொண்டு அழுதார். அம்மாவுக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார். அதுவரை அம்மா வேலைக்குப் போகிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிடத்திலிருந்து என்னை விட்டுவிட்டுப் போகிறார் என்று ஆனது. அதைச் சரிசெய்ய எங்கள் இருவருக்கும் பல வருடம் ஆயிற்று.

மைக்கில் பேசும்போது குழந்தை கேட்டுக்கொண்டிருப்பாள் என்பதை மனதில் வையுங்கள். "வெறிச்சோடிப் போகும்", "அநாதையாக்கிவிட்டுப் போகிறாய்" போன்ற பேச்சு பெரியவர்களுக்கு அலங்காரம். குழந்தைக்கு அப்படியே நிஜம்.

வைகைக்கரை | மார்ச் 16, காலை 10.00

"வெறிச்சோடி"யை அடித்துவிட்டேன். பழைய அட்டையில் இப்போது "அன்புத் தங்கைக்கு" மட்டும்தான் மிச்சம்.

ஒன்று முடிவு செய்தேன். மைக்கில் அவளுடைய வேலையைப் பற்றி மட்டும் பேசுவேன். வருத்தம் அட்டைக்குள், அவள் தனியாகப் படிக்கிற இடத்தில் இருக்கட்டும். அந்த ஒன்றரை வருடக் கோபத்தை இரண்டிலும் சொல்லப் போவதில்லை. நேரில், இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது கேட்டுவிடுவேன்.

வைகைக்கரை | மார்ச் 21, அதிகாலை 5.05

கேட்டுவிட்டேன். இரண்டு மணி டீயில். அவள் சொன்னது: "உங்கள்ட்ட சொன்னா நீங்க சந்தோஷப்படுவீங்கக்கா. அப்புறம் நான் போறது நிஜமாயிடும்." அதற்கு மேல் இரண்டு பேராலும் பேச முடியவில்லை. மூணாவது பெட்டில் அலாரம் அடித்தது, எழுந்து போய்விட்டோம்.

வைகைக்கரை | மார்ச் 24, இரவு 7.15

மைக்கில் பேச ஒரு சம்பவம் வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி. வயிற்று ஆபரேஷன் முடிந்து வந்த அறுபது கிலோ ஆள். பிரஷர் 116, மானிட்டரில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இவள் மட்டும் சிறுநீர்ப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த எடைக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். ஒரு மணி நேரம் 20, அடுத்த மணி நேரம் 12. நாடி 88 இல் இருந்து 104 ஆகியிருந்தது. ஆள் போர்வையைத் தள்ளித் தள்ளிப் புரண்டுகொண்டிருந்தார். டியூட்டி டாக்டர் தண்ணீர் குறைவாக இருக்கும், ஒரு பாட்டில் ஏற்றுங்கள் என்றார். ஏற்றினாள், அதோடு விடவில்லை. "பிரஷர் விழுந்த அப்புறம் கூப்பிட்டா லேட் ஆயிடும் சார், எனக்குச் சரியா படல" என்று சர்ஜனுக்குத் தானே போன் போட்டாள். உள்ளே ரத்தக் கசிவு. மூன்றரை மணிக்குத் திரும்ப தியேட்டருக்கு எடுத்தார்கள். ஆள் பிழைத்தார்.

லெஸ்டர் சிஸ்டர் | மார்ச் 24, இரவு 11.50

இதுதான் அவளுக்கு வேண்டியது. இங்கே அவளுக்குப் பேச்சு வழக்கு புரியாது, மருந்துகளின் வணிகப் பெயர் மாறும், போன் அடித்தால் எடுக்கவே பயமாக இருக்கும். ஆனால் நோயாளியைப் பார்த்துவிட்டு "எனக்குச் சரியாகப் படவில்லை" என்று சொல்லத் தெரிந்தவள் எந்த ஊரிலும் நர்ஸ்தான்.

ஒரு எச்சரிக்கை. மைக்கில் நோயாளி பற்றிய விவரம் எதுவும் வேண்டாம், எந்த ஆபரேஷன் என்பதும் வேண்டாம். சபையில் யார் உறவினர் என்று தெரியாது. டியூட்டி டாக்டரும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

தமிழ் வாத்தியார் | மார்ச் 25, காலை 7.00

எண்களைக் குறையுங்கள் அம்மா. "எனக்குச் சரியாகப் படவில்லை" என்ற வாக்கியத்தை மட்டும் சொல்லுங்கள், வார்டுக்காரர்களுக்கு மீதி புரியும். நான் சொன்ன குறளை வைத்துக்கொள்கிறீர்களா?

வைகைக்கரை | மார்ச் 25, காலை 9.20

மன்னிக்க வேண்டும் ஐயா, குறள் வைக்கவில்லை. அவள் அதைப் படித்தால் நான் எழுதியதாகத் தோன்றாது. ஆனால் நினைக்கும்படி பிரிவது என்று நீங்கள் சொன்னதை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வரியையும் எழுதுகிறேன்.

புது ஸ்டாஃப் | மார்ச் 27, இரவு 10.10

அக்கா, அட்டையில் எப்போது போன் பேசலாம் என்றும் எழுதுங்கள். அங்கே நம்மை விட ஐந்தரை மணி நேரம் பின்னால்.

லெஸ்டர் சிஸ்டர் | மார்ச் 28, அதிகாலை 2.30

குளிர்காலத்தில் அப்படித்தான். மார்ச் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள். அவள் வரும்போது நாலரை மணி நேரம்தான். அக்டோபர் கடைசி ஞாயிறு திரும்ப ஐந்தரை. தம்பி சொன்னது நல்ல யோசனை. "எப்ப வேணும்னாலும் கூப்பிடு" என்று எனக்கு முப்பது பேர் சொன்னார்கள். ஒருவரைக்கூட நான் கூப்பிடவில்லை, தொந்தரவாக இருக்குமோ என்று. நேரத்தைக் குறித்துச் சொன்னால் கூப்பிடுவாள்.

வைகைக்கரை | ஏப்ரல் 5, காலை 11.00

விழா முடிந்தது. ஃபாப் வாட்ச் கொடுத்தோம், அங்கேயே சுடிதாரில் குத்திக்கொண்டாள். குழந்தை அதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் ஒன்றரை நிமிடம்தான் பேசினேன். "எனக்குச் சரியா படல" என்று சொன்னதும் வார்டே கைதட்டியது. டியூட்டி டாக்டரும் தட்டினார். கடைசியில் குழந்தையைப் பார்த்து, "உங்க அம்மா எங்களுக்கு ராத்திரியெல்லாம் துணையா இருந்தாங்க, இப்ப அங்க இருக்கிற ஆளுங்களுக்கும் துணையா இருக்கப் போறாங்க, உனக்கு அங்க வீடு பார்த்து வைப்பாங்க" என்றேன். ரயிலடி, நீங்கள் சொல்லாவிட்டால் இதை நான் யோசித்திருக்க மாட்டேன்.

அட்டையில் எழுதியது இது:

"தங்கச்சிக்கு. மானிட்டர் சரி என்று சொன்ன ராத்திரியில் நீ சரியில்லை என்றாய். அன்றிலிருந்து நானும் முதலில் ஆளைப் பார்க்கிறேன், அப்புறம்தான் மானிட்டர். இது நீ எனக்குக் கற்றுக்கொடுத்தது. அங்கே முதல் சில மாதம் உன்னை யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். தேர்வில் ஒரு தடவை போனாலும் என்னிடம் சொல், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். நீ போவதில் சந்தோஷம். அழகர் இறங்கும் ராத்திரி பக்கத்தில் நீ இல்லாமல் டியூட்டி பார்ப்பதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. அதற்காக நீ திரும்பி வர வேண்டாம். இரண்டு மணி டீ நேரத்தில் உனக்கு அங்கே ராத்திரி ஒன்பதரை. வியாழக்கிழமை கூப்பிடு. அக்கா."

பட்டறைக்காரன் | ஏப்ரல் 5, இரவு 10.00

"எனக்குத் தெரியும்". அந்த மைக்ரோமீட்டர் மாதிரி இருக்கிறது.

தமிழ் வாத்தியார் | ஏப்ரல் 6, காலை 6.40

பேனரில் என்ன போட்டீர்கள்?

வைகைக்கரை | ஏப்ரல் 6, காலை 9.00

பிரியாவிடை என்றுதான் ஐயா. பிரிண்ட் கடைக்காரர் எங்களைக் கேட்காமலே போட்டுவிட்டார்.

வைகைக்கரை | ஏப்ரல் 11, காலை 7.30

நேற்று ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டோம். "போயிட்டு வரேன்கா" என்றாள். வரேன் என்று சொன்னது பழக்கத்தில்தான் என்று தெரியும், ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தேன். அட்டையை இன்னும் பிரிக்கவில்லையாம், அங்கே போய்ப் பிரிப்பாளாம்.

வைகைக்கரை | ஏப்ரல் 17, அதிகாலை 3.15

வியாழக்கிழமை ராத்திரி ஷிப்ட். சரியாக இரண்டு மணிக்கு போன் வந்தது. ஐந்து நிமிடம் பேசினோம். குளிராக இருக்கிறதாம், ஊறுகாய் பாட்டில் பெட்டியில் உடைந்துவிட்டதாம், நாளைக்கு முதல் வார்டு. அட்டையைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வைக்கும்போது, "மூணாவது பெட்ல யாருக்கா இருக்கா?" என்று கேட்டாள்.